ஒரு வாடிக்கையாளரால் எவ்வளவு வரும்? ஏழு மாத ஆர்டர் ஷீட்டில் போட்ட கணக்கு

என் தங்கை காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி கூரியரில் அனுப்புகிறாள். 2025 ஜனவரியில் தொடங்கியது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், கொஞ்சம் தேங்காய் எண்ணெய். ஆகஸ்ட் முதல் வாரத்தில் போன் செய்தாள். விளம்பரம் பார்த்துக்கொடுக்கும் தம்பி ஒருவர், ஒரு புது வாடிக்கையாளரைப் பிடிக்க 420 ரூபாய் ஆகிறது, பட்ஜெட்டை இரண்டு மடங்காக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் காட்டிய கணக்கு இது: சராசரி ஆர்டர் 920 ரூபாய், மாதம் ஒரு ஆர்டர், மூன்று வருடம். ஆக ஒரு வாடிக்கையாளரால் 33,120 ரூபாய் வரும். அதற்கு 420 செலவு செய்யத் தயங்கலாமா?

"அண்ணா, இவ்வளவு வருமா?" என்றாள். வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியவில்லை. ஷீட்டை அனுப்பு என்றேன். ஏழு மாத டேட்டாவை வைத்து மூன்று ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு கீழே. நடுவில் ஒரு இடத்தில் நன்றாக ஏமாந்தேன், அதையும் எழுதியிருக்கிறேன்.

முதல் ராத்திரி: ஷீட்டைக் கழுவியது

கூகுள் ஷீட்டில் 731 வரிகள் இருந்தன. தேதி, போன் நம்பர், தொகை, ஒரு குறிப்பு. முதலில் தேதியே கோளாறு. ஜூலை 31 வரை எடுத்த பட்டியலில் டிசம்பரில் ஓர் ஆர்டர் இருந்தது. 07/12 என்று இருந்த அது டிசம்பர் 7 இல்லை, ஜூலை 12 என்பது அப்புறம்தான் புரிந்தது: சில வரிகளில் மாதம் முதலில், சில வரிகளில் நாள் முதலில். ஷீட்டின் அமைப்பில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டு, 12 வரையிலான நாள்களை மட்டும் வாட்ஸ்அப் செய்திகளோடு ஒப்பிட்டுத் திருத்தினோம். வராத மாதத்தில் ஆர்டர் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி.

அடுத்தது ஆள் யார் என்பது. இந்த மாதிரி வியாபாரத்தில் போன் நம்பர்தான் ஆள். ஒரே நம்பர் +91 போட்டு ஒன்று, சுழியம் போட்டு ஒன்று, நடுவில் இடைவெளி விட்டு ஒன்று என்று மூன்று ஆளாகக் கிடந்தது. கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் எடுத்தேன். கணவர் நம்பரிலும் மனைவி நம்பரிலும் மாறி மாறி வந்த வீடுகளை முகவரி பார்த்துத் தங்கையே சேர்த்தாள். 455 என்று இருந்த வாடிக்கையாளர் எண்ணிக்கை 412 ஆனது. இதைச் செய்யாமல் விட்டால் திரும்ப வாங்கியவரெல்லாம் புது ஆளாகத் தெரிவார். கணக்கு பாதியிலேயே படுத்துவிடும்.

பிறகு கழித்தவை. ரத்தானவை, வாங்காமல் திரும்பி வந்தவை, அதே நாளில் விட்டுப்போனதைச் சேர்த்துப் போட்டவை எல்லாம் சேர்த்து 38 வரி. பாட்டில் ஒழுகியதால் காசில்லாமல் மறுபடி அனுப்பியவை 13. கல்யாண சமையல்காரர்கள் எடுத்த மொத்த ஆர்டர் 3. இந்த மூன்றின் தொகை மட்டும் 46,000 ரூபாய். அவற்றை உள்ளே விட்டால் சராசரி ஆர்டர் 984 ரூபாய், வெளியே எடுத்தால் 920. மூன்று வரி, 64 ரூபாய் வித்தியாசம். சமையல்காரர் வேறு வியாபாரம், அவருக்குத் தனிக் கணக்கு. மிச்சம் 677 ஆர்டர்.

கையில் நிற்பது எவ்வளவு

920 ரூபாய் நம் பணம் இல்லை. வெளிமாநிலத்துக்கும் அனுப்புவதால் ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. எண்ணெய்க்கு 5 சதவீதம். அதைக் கழித்த பிறகுதான் இந்த 920. இதில் பருப்பு, எள், ஆட்டுக்கூலி, பாட்டில் எல்லாம் போட்டு, பிண்ணாக்கு விற்ற காசைக் கழித்தால் 560. அட்டைப்பெட்டியும் பேக்கிங்கும் 40. கூரியர் 110. பணம் வாங்கும் ஆப்புக்கு 20. ஒழுகல், உடைசலுக்கு ஆர்டருக்குச் சராசரியாக 10. மொத்தம் 740. ஆக ஓர் ஆர்டருக்கு 180 ரூபாய் நிற்கிறது. முதல் ஆர்டருக்கு 100 ரூபாய் தள்ளுபடி கொடுப்பதால் அதில் 80 மட்டும்.

செக்கு ஓடும் கொட்டகை வாடகை, தங்கையின் உழைப்பு இதில் இல்லை. அவை ஓர் ஆள் கூட வந்தாலும் குறைந்தாலும் மாறாதவை. ஒரு புது ஆளுக்காக எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கேள்விக்கு, அந்த ஆளோடு சேர்ந்து வரும் வரவும் செலவும் போதும்.

விளம்பரத் தம்பியின் 33,120 இங்கேயே முடிந்துவிட்டது. அது விற்பனை, லாபம் இல்லை.

இரண்டாம் ராத்திரி: வயது பார்த்து எண்ணியது

முதலில் நானும் சோம்பேறித்தனமாகத்தான் ஆரம்பித்தேன். 677 ஆர்டர், 412 பேர். ஒருவருக்கு 1.64 ஆர்டர். இது பார்க்க உண்மை போல இருக்கும், ஆனால் தப்பு. 412 பேரில் 71 பேர் ஜூலையில்தான் முதல் பாட்டிலே வாங்கினார்கள். அது தீர்வதற்குள் அவர்கள் திரும்ப வாங்கவில்லை என்று எண்ணுவது நேற்று நட்ட கன்று காய்க்கவில்லை என்பது போல. வளர்கிற வியாபாரத்தில் எப்போதும் புது ஆள் அதிகம் இருப்பார்கள், இந்தச் சராசரி எப்போதும் குறைத்தே காட்டும்.

சரி, நாள்காட்டி மாதத்தை விட்டுவிட்டு ஆளின் வயதைப் பிடித்தேன். வயது என்றால் முதல் ஆர்டர் போட்ட நாளிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது. அதை முப்பது முப்பது நாள் கட்டங்களாக வெட்டினேன். ஷீட்டில் A தேதி, B போன் நம்பர்:

```
E2: =RIGHT(REGEXREPLACE(B2&"","\D",""),10)
F2: =MINIFS(A:A,E:E,E2)
G2: =A2-F2
H2: =ROUNDUP(G2/30,0)
```

E-யில் சுத்தமான நம்பர், F-இல் அந்த நம்பரின் முதல் ஆர்டர் தேதி, G-யில் வயது, H-இல் எந்தக் கட்டம். முதல் ஆர்டருக்கு H சுழியம். ஒவ்வொரு ஆளுக்கும் சுழியம் ஒரே ஒரு வரிதான் வர வேண்டும். அதனால்தான் அதே நாள் ஆர்டர்களை முன்பே சேர்த்தேன்.

முக்கியமான விதி ஒன்று. ஒரு கட்டத்தை முழுதாகக் கடந்தவர்களை மட்டுமே அந்தக் கட்டத்தில் எண்ண வேண்டும். ஜூலை 31-இல் நின்று பார்த்தால் மே 31 வரை சேர்ந்த எல்லோரும் 60 நாளைக் கடந்துவிட்டார்கள். ஜூன் ஆட்கள் கடக்கவில்லை. ஆகவே இரண்டாம் கட்டத்துக்கு மே வரை சேர்ந்தவர்கள் மட்டும்:

```
=COUNTIFS(H:H,2,F:F,"<="&DATE(2025,5,31))
=COUNTIFS(H:H,0,F:F,"<="&DATE(2025,5,31))
```

முதல் வரி ஆர்டர் எண்ணிக்கை, இரண்டாவது ஆள் எண்ணிக்கை. ஒன்றை மற்றதால் வகுத்தால் அந்தக் கட்டத்தில் ஒருவருக்கு எத்தனை ஆர்டர் என்று வரும். மேலே போகப் போக ஆட்கள் குறைவார்கள். ஆறாம் கட்டத்தில் ஜனவரி ஆட்கள் மட்டும்தான்.

| கட்டம் | நாட்கள் | ஆட்கள் | ஆர்டர் | ஒருவருக்கு |
|---|---|---|---|---|
| 1 | 1–30 | 341 | 58 | 0.17 |
| 2 | 31–60 | 271 | 76 | 0.28 |
| 3 | 61–90 | 197 | 47 | 0.24 |
| 4 | 91–120 | 145 | 30 | 0.21 |
| 5 | 121–150 | 84 | 16 | 0.19 |
| 6 | 151–180 | 38 | 7 | 0.18 |

கடைசிப் பத்தியைக் கூட்டினால் 1.27. அதாவது ஒருவர் முதல் ஆர்டருக்குப் பிறகு 180 நாளில் 1.27 தடவை திரும்ப வாங்குகிறார். பணமாக 80 + 1.27 × 180 = 309 ரூபாய். இதில் ஊகம் எதுவும் இல்லை, நடந்ததை எண்ணியதுதான். இரண்டாம் கட்டத்தில் ஏறுவதும் புரிந்தது. மூன்று லிட்டர் வாங்கிய வீட்டில் எண்ணெய் தீர ஒன்றரை மாதம் ஆகும், முதல் முப்பது நாளில் யார் வாங்குவார்கள்?

எனக்குப் பிடித்தது கடைசி மூன்று வரி. 0.21, 0.19, 0.18. இறக்கம் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ருசி பிடிக்காதவர்கள் முதலிலேயே போய்விடுவார்கள், ஒட்டிக்கொண்டவர்கள் இருந்துகொண்டே இருப்பார்கள் என்று புத்தகங்கள் சொல்வதும் இதைத்தான். 0.18-இலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து சதவீதம் குறையும் என்று வைத்து அடுத்த ஆறு கட்டத்தை நீட்டினேன். இன்னும் 0.76 ஆர்டர், 137 ரூபாய். ஒரு வருடத்துக்கு 446. 420-ஐ விட 26 ரூபாய் அதிகம்! இழுத்துப் பிடித்தால் விளம்பரம் கட்டுப்படியாகும் என்று தங்கைக்குச் செய்தி அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன்.

தூங்குவதற்கு முன் ஒன்று மட்டும் செய்து பார்த்தேன். ஒரு வருடத்தோடு நிறுத்தாமல் ஆயுசு முழுக்க நீட்டினால்? இறக்கம் 15 சதவீதம் என்றால் 493 ரூபாய், 5 சதவீதம் என்றால் 925. இந்த ஏழு மாத டேட்டா ஐந்துக்கும் பதினைந்துக்கும் வித்தியாசம் சொல்லாது. ஆயுசு மதிப்பு என்று ஒரே எண்ணைச் சொல்பவர், அதில் பாதியை இன்னும் பார்க்காத வருங்காலத்திலிருந்து எடுத்துச் சொல்கிறார். ஒரு வருடத்தோடு நிறுத்தினால் அதே இரண்டு இறக்கமும் 423-லிருந்து 472-க்குள் அடங்கிவிடுகிறது. அதனால் இனி இந்தப் பதிவில் ஒரு வருடத்துக்கு மேல் போகப் போவதில்லை.

"இது நம்ம அத்தைங்க அண்ணா"

மறுநாள் மத்தியானம் தங்கை கூப்பிட்டாள். ஆறாம் கட்டத்தின் அந்த ஏழு ஆர்டர் யார் யார் என்று நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு. "இது நம்ம அத்தைங்க அண்ணா. இது எதிர்வீட்டு அக்கா. இது அவருகூட வேலை செய்யறவரு. ஏழுல அஞ்சு நம்ம ஆளுங்க."

நான் பார்க்க மறந்தது அதுதான். எந்தப் புது வியாபாரத்திலும் முதல் இரண்டு மாதம் வாங்குவது உறவும் அக்கம்பக்கமும். அவர்கள் ருசிக்காக வாங்குவதோடு முகத்துக்காகவும் வாங்குவார்கள். கடைசிக் கட்டங்களில் நிற்பது முதல் மாத ஆட்கள் மட்டும் என்பதால், அட்டவணையில் கீழே போகப் போக உறவுக்காரர் பங்கு கூடிக்கொண்டே போகிறது. இறக்கம் நின்றது போலத் தெரிந்தது அதனால்தான். ஒட்டிக்கொண்டவர் யாரும் இல்லை, ஒட்டுறவுதான் இருந்தது.

தங்கை பட்டியலை எடுத்து தெரிந்தவர்களுக்கு எதிரே ஒரு குறி போட்டாள். ஜனவரியில் 17, பிப்ரவரியில் 9, மார்ச்சில் 5. ஏப்ரலிலிருந்து யாரும் இல்லை. 412 பேரில் 31 பேர்தானே என்று தோன்றும், ஆனால் ஜனவரியின் 38 பேரில் 17 பேர். அவர்களை எடுத்துவிட்டு மறுபடி எண்ணினேன்.

| கட்டம் | ஆட்கள் | ஆர்டர் | ஒருவருக்கு | முன்பு |
|---|---|---|---|---|
| 1 | 310 | 49 | 0.16 | 0.17 |
| 2 | 240 | 63 | 0.26 | 0.28 |
| 3 | 166 | 35 | 0.21 | 0.24 |
| 4 | 114 | 20 | 0.18 | 0.21 |
| 5 | 58 | 8 | 0.14 | 0.19 |
| 6 | 21 | 2 | 0.10 | 0.18 |

மேல் வரிகள் கொஞ்சம்தான் அசைந்தன. கீழ் வரிகள் இடிந்து விழுந்தன. இரண்டாம் கட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் சுமார் இருபது சதவீதம் குறைகிறது, நிற்கவே இல்லை.

ஆறாம் கட்டத்தின் 2 / 21-ஐ அப்படியே நம்பவும் கூடாது. இன்னொருவர் வாங்கியிருந்தால் 0.14, ஒருவர் குறைந்திருந்தால் 0.05. ஓர் ஆர்டரில் இவ்வளவு ஆடும் எண் எண்ணே அல்ல. என் வழக்கம், ஆர்டர் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே இருந்தால் அந்தக் கட்டத்தை எண்ணியதாக எடுக்காமல் முந்தைய கட்டத்திலிருந்து நீட்டுவது. 0.14-இல் இருபது சதவீதம் குறைத்து 0.11 என்று வைத்தேன். ஐந்தாம் கட்டத்தின் எட்டு ஆர்டரும் பெரிய பலம் இல்லை, ஆனால் மேலிருந்து வரும் இறக்கத்தோடு ஒத்துப்போகிறது என்பதால் விட்டேன்.

கூட்டினால் 1.06. 180 நாளில் 80 + 191 = 271 ரூபாய். அடுத்த ஆறு கட்டத்தை 20 சதவீத இறக்கத்தில் நீட்டினால் 0.32 ஆர்டர், 58 ரூபாய். ஒரு வருடத்துக்கு 329. இறக்கத்தை 15 என்றோ 25 என்றோ மாற்றினால் 341-லிருந்து 320 வரை. எப்படிப் புரட்டினாலும் 420-ஐத் தொடவில்லை. முந்தின ராத்திரி அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெற்றேன்.

இதற்கெல்லாம் முறையான மாடல்கள் இருக்கின்றன. 2005-இல் ஃபேடர், ஹார்டி, லீ மூவரும் வெளியிட்ட பிஜி/என்பிடி என்ற மாடல், வாடிக்கையாளர் சொல்லாமல் போய்விடும் இந்த மாதிரி வியாபாரத்துக்கென்றே வந்தது. இன்று பைத்தானில் சில வரியில் ஓட்டலாம். நான் ஓட்டவில்லை. 31 உறவுக்காரர்களை அதுவும் கண்டுபிடித்திருக்காது. அவர்களோடு சேர்த்து ஓட்டியிருந்தால் என்னைவிட அழகான வளைகோட்டில் அதே தப்பைச் சொல்லியிருக்கும். ஆயிரம் பேர், ஒன்றரை வருடம் என்று வந்த பிறகு பார்க்கலாம்.

செலவுக்கு எல்லை போட்டது

329 மதிப்பு என்றால் 329 வரை செலவழிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. அந்தக் காசு சொட்டுச் சொட்டாக ஒரு வருடம் வரும். விளம்பரத்துக்கு இன்றைக்கே கட்ட வேண்டும், கடலைக்காரருக்கும் ரொக்கம் வேண்டும். அதனால் 90 நாளில் திரும்புவது எவ்வளவு என்று பார்த்தோம். முதல் மூன்று கட்டம் 0.63 ஆர்டர், 113 ரூபாய், முதல் ஆர்டரின் 80-ஐயும் சேர்த்து 193. இந்த மூன்று கட்டமும் நூறு பேருக்கு மேல் பார்த்து எண்ணியவை, ஊகம் கிடையாது. ஒரு புது ஆளுக்கு 190 ரூபாய் என்று எல்லை போட்டாள். அதற்குள் முடிந்தால் விளம்பரம், இல்லையென்றால் வேண்டாம். தம்பி 420-லிருந்து 310 வரை இறக்கிக் காட்டினார், அதற்கு மேல் முடியவில்லை. ஆகஸ்ட் 20 அன்று நிறுத்தியாயிற்று.

நிறுத்தியதில் மிஞ்சிய காசை என்ன செய்தாள் என்பது இந்தக் கணக்கைச் சேர்ந்தது இல்லை. ஒன்று மட்டும்: அட்டவணையில் இரண்டாம் கட்டம் உச்சம் என்று பார்த்ததால், 40-ஆம் நாள் எண்ணெய் தீர்ந்ததா என்று கேட்டு ஒரு வாட்ஸ்அப் செய்தி போடத் தொடங்கியிருக்கிறாள்.

அக்டோபரில் சரிபார்த்தது

கணக்கு சரியா என்று பார்க்க ஏப்ரல் ஆட்களைத் தனியே எழுதி வைத்திருந்தேன். 52 பேர், உறவுக்காரர் ஒருவரும் இல்லை. ஜூலை கடைசியில் மூன்று கட்டம் முடித்திருந்தார்கள். அக்டோபர் கடைசியில் ஆறையும் முடிப்பார்கள். நாலு, ஐந்து, ஆறாம் கட்டங்களில் 52 × (0.18 + 0.14 + 0.11), அதாவது 22 ஆர்டர் வர வேண்டும் என்று ஆகஸ்டிலேயே ஷீட்டின் ஓரத்தில் எழுதிப் பூட்டினேன். முன்கூட்டி எழுதாவிட்டால் வந்த எண்ணுக்கு ஏற்றபடி மனசு கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

வந்தது 27.

தங்கைக்குச் சந்தோஷம், பழைய செய்தியே சரிதானோ என்று எனக்கும் ஒரு நிமிஷம் சபலம். தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். 27-இல் 11 ஆர்டர் அக்டோபர் 6-க்கும் 19-க்கும் இடையில். தீபாவளி 20-ஆம் தேதி. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் வாங்கிய எண்ணெய். ஜனவரியில் தொடங்கி ஜூலையில் முடிந்த டேட்டாவில் தீபாவளியே இல்லை. பெரிய பண்டிகை என்று பொங்கல்தான் இருந்தது, அதுவும் உறவுக்காரர்கள் மாதத்தில். பண்டிகை ஒவ்வொரு வருடமும் வரும் என்பதால் அந்த ஆர்டர் பொய் இல்லை, ஆனால் தீபாவளிக்கு முன் சேர்ந்தவருக்கும் பின் சேர்ந்தவருக்கும் முதல் ஆறு மாதம் ஒன்றாக இருக்காது. நவம்பரில் பலகாரம் தீர்ந்த வீட்டில் எண்ணெய் மிச்சம் இருக்கும், அந்தக் கட்டம் தாழும். இன்னும் நாலு வாரம் பார்க்காமல் 27-ஐ வைத்து எந்த எண்ணையும் உயர்த்த வேண்டாம் என்று முடிவு.

190 அப்படியே இருக்கிறது. ஷீட்டில் தங்கை ஒரு பத்தி சேர்த்திருக்கிறாள், தலைப்பு "நம்ம ஆளு". புது ஆர்டர் வந்ததும் முதலில் அதில் ஆம், இல்லை போட்டுவிடுகிறாள்.